முதல் தீபாவளி ஆர்டர்: ஒரு ஓவன், 80 டப்பா, இரண்டு அம்மாபேட்டை

வீட்டில் பிஸ்கட் சுட்டு விற்கத் தொடங்கியவர்களுக்கு முதல் பண்டிகையில் வரும் சிக்கல் ருசியில் வருவதில்லை. எத்தனை டப்பாவுக்குச் சரி சொல்வது, எந்த நாளில் நிறுத்துவது, கட்டிய பார்சல் சரியான ஊருக்குப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது, இந்த மூன்றில்தான் சறுக்கல் நடக்கிறது. மூன்றும் தனித்தனி விஷயங்களாகத் தெரிந்தாலும் ஒன்றின் தவறு அடுத்ததில் போய் வெடிக்கும். அதைக் காட்ட ஒரே ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண், வீட்டில் ஒரு 40 லிட்டர் ஓ.டி.ஜி. ஓவன், உதவிக்கு மாமியார் என்று வைத்துக்கொள்வோம். விற்பது ஒரே சரக்கு: நாட்டுச்சர்க்கரை நெய் பிஸ்கட். ஆளும் ஆர்டர்களும் எடுத்துக்காட்டுக்காகச் சொல்வது. நாட்காட்டி மட்டும் 2025-ன் நாட்காட்டி. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. உங்கள் ஆண்டின் தேதியை வைத்து இதே மாதிரி பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏன் ஒரே சரக்கு

முதல் பண்டிகைக்குக் கேக், பிரவுனி, குக்கீஸ் என்று பட்டியல் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓவன் சூடு வேறு, பெட்டி வேறு, கெடும் நாள் வேறு. தீபாவளிக்கு நெய் பிஸ்கட் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. முட்டை கிடையாது, அதனால் நோன்பு எடுக்கும் வீடுகளிலும் தயங்காமல் வாங்குவார்கள். ஈரம் குறைவு, அதனால் நன்றாக அடைத்து வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் ஊத்துக்குளி வெண்ணெயும் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது?

ஒரு ட்ரேக்கு அளவு இது: மைதா, கடலை மாவு, ரவை மூன்றும் சேர்த்து 200 கிராம் (மைதா 150, கடலை மாவு 30, ரவை 20). சலித்த நாட்டுச்சர்க்கரை 100 கிராம். உறைந்த நெய் 110 கிராம். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். இது 410 கிராம் மாவு. 20 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 20 பிஸ்கட். சுட்ட பிறகு ஒன்று ஏறத்தாழ பதினெட்டரை கிராம் நிற்கும். 14 பிஸ்கட் வைத்தால் 250 கிராமுக்குக் கீழே போகாது. டப்பாவில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு.

நாட்டுச்சர்க்கரையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரையைவிட அதில் ஈரம் அதிகம், காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதனால் வாங்கியதும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, சலித்து, கட்டிகளை நுணுக்கி, மூடி வையுங்கள். இன்னொன்று, அது சீக்கிரம் கருக்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு 160 டிகிரி வைக்கிறவர்கள் இதற்கு 150 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் அடி தீயாமல் வரும். உங்கள் ஓவனின் சூடு முன்னே பின்னே இருக்கும், பண்டிகைக்கு முன்பே இரண்டு ட்ரே சுட்டுப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள்.

ஓவன் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு

இனிமேல் வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். எத்தனை ஆர்டர் எடுக்கலாம் என்பதை உங்கள் உற்சாகத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, ஓவனை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஒரு ட்ரே சுட 20 நிமிடம், எடுத்து அடுத்ததை வைத்து ஓவன் சூடு மீண்டும் ஏற 4 நிமிடம். ஆக ஒரு ட்ரேக்கு 24 நிமிடம், இரண்டு மணி நேரத்துக்கு 5 ட்ரே. வீட்டு வேலை, பிள்ளைகள் பள்ளி எல்லாம் போக ஒரு நாளில் ஓவன் முன்னால் 5 மணி நேரம் நிற்க முடியும் என்றால் 12 ட்ரே. 12 ட்ரே என்றால் 240 பிஸ்கட், அதாவது 17 டப்பா. ஆனால் 17 என்று எழுதாதீர்கள். உடைந்தது, ஓரம் கருகியது, கோணலானது என்று தினமும் பதினைந்து பதினாறு பிஸ்கட் கழியும். 16 டப்பா என்று எழுதுங்கள்.

இப்போது நாட்கள். தீபாவளி 20-ஆம் தேதி திங்கள். 19 ஞாயிறு, பல கூரியர்கள் அன்று பட்டுவாடா செய்வதில்லை. 18 சனிக்கிழமை எல்லோருடைய பார்சலும் ஒன்றாகக் குவியும் நாள். அதனால் வெளியூர் பார்சல் எல்லாம் 15 புதன்கிழமைக்குள் கவுண்டரில் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் 16 முதல் 18 வரை வந்து வாங்கிக்கொள்ளலாம். 9 வியாழனில் சுடத் தொடங்கி 14 செவ்வாயில் முடித்தால் ஆறு நாள். அதில் ஒரு நாளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுங்கள். கரண்ட் போகும், காய்ச்சல் வரும், ஓவன் ராடு போகும். எது நடக்கும் என்று தெரியாது, ஏதோ ஒன்று நடக்கும்.

மீதி ஐந்து நாள், நாளுக்கு 16, மொத்தம் 80 டப்பா. அதில் 4 டப்பாவை யாருக்கும் விற்காமல் உபரியாக வைக்க வேண்டும். ஆக எடுக்கக்கூடிய ஆர்டர் 76. ஐந்து நாளுக்கு 60 ட்ரே, அதற்கு மாவு 12 கிலோ, நாட்டுச்சர்க்கரை 6 கிலோ, நெய் 6 கிலோ 600 கிராம். நெய்யை ஒரே தவணையில் வாங்கிவிடுங்கள். பண்டிகை வாரத்தில் கடையில் வேறு நெய்தான் இருந்தால் பிஸ்கட்டின் மணமும் மாறும், உறையும் பதமும் மாறும்.

ஆர்டர் நோட்டு

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி ஆர்டர் ஆகாது. பணம் வந்து, நோட்டில் ஒரு எண் விழுந்த பிறகுதான் அது ஆர்டர். வெளியூருக்கு முழுப்பணமும் கூரியர் கட்டணமும் முன்கூட்டியே. உள்ளூருக்குப் பாதிப்பணம் போதும். நோட்டில் எண், பெயர், எத்தனை டப்பா, பணம் வந்த தேதி, நேரில் வாங்குவதா கூரியரா, முழு முகவரி, இரண்டு போன் எண். இந்த எண்ணையே டப்பாவின் மேலும் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "அம்மணி, நமக்கு ஒரு அஞ்சு பொட்டி எடுத்து வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதையும் அந்த நிமிடமே எழுதுங்கள். இரவு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட வாய்மொழி ஆர்டர்கள்தான் இரண்டு முறை எழுதப்படும் அல்லது எழுதப்படாமலே போகும்.

முகவரியை வாங்கும்போதே மாவட்டமும் பின்கோடும் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் "அம்மாபேட்டைங்க, எல்லாருக்கும் தெரியும்" என்பார். சேலம் நகரத்துக்குள் ஒரு அம்மாபேட்டை இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில், பவானியிலிருந்து மேட்டூர் போகும் வழியில் இன்னொரு அம்மாபேட்டை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கமும் ஒன்று உண்டு. கொங்கு நாட்டில் புதூர், புதுப்பாளையம் என்ற பெயரில் எத்தனை ஊர் என்று சொல்லி முடியாது. பின்கோட்டின் முதல் மூன்று எண்ணே பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். சேலம் 636, நாமக்கல் 637, ஈரோடு 638, கோவை 641, பொள்ளாச்சி 642 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

குவிந்தபோது என்ன ஆனது

நம் கோபிக்காரப் பெண் 8-ஆம் தேதி இரவுக்குள் 76 டப்பாவையும் விற்றுவிட்டார். அதுவரை எல்லாம் சரி. 10, 11 தேதிகளில் பழைய வாடிக்கையாளர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஒதுக்கி வைத்த ஆறாவது நாளை எடுத்து இன்னும் 16 டப்பாவுக்குச் சரி சொல்லிவிட்டார். மொத்தம் 92, உபரி 4, ஆக 96. கணக்கு இப்போதும் பொருந்துகிறது. ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை.

13 திங்களன்று அந்தப் பகுதித் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு. காலை 9 மணி முதல் மாலை 4 மணிவரை கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே அறிவிப்பார்கள், சுடத் தொடங்கும் முன்பே விசாரித்து நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். அவர் குறிக்கவில்லை. காலையில் பிசைந்த மாவு பகல் முழுக்க அணைந்த பிரிட்ஜுக்குள் கிடந்தது. மாலை 6 மணிக்கு ஓவனில் வைத்தபோது முதல் மூன்று ட்ரே பிஸ்கட் தோசை மாதிரி பரந்துவிட்டது.

காரணம் எளிது. மாவுக்குள் நெய் உறைந்த நிலையில் இருந்தால், ஓவன் சூட்டில் அது உருகுவதற்குள் பிஸ்கட்டின் ஓரம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நெய் ஏற்கெனவே இளகியிருந்தால் பிடிமானம் வருமுன்பே மாவு ஓடிவிடும். கரண்ட் போகாவிட்டாலும் இது நடக்கும். மூன்று மணி நேரம் ஓவன் ஓடிய சமையலறையில் கடைசி ட்ரேக்கள் எப்போதும் முதல் ட்ரேயைவிட அகலமாக வரும். உருண்டையைத் தொட்டால் விரலில் நெய் பளபளவென்று ஒட்டுகிறதா, அதுதான் அறிகுறி. உருண்டை பிடித்த ட்ரேயை 20 நிமிடம் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு ஓவனுக்கு மாற்றுங்கள்.

பரந்த பிஸ்கட் தின்ன நன்றாகத்தான் இருக்கும், ஆனால் டப்பாவுக்குள் போகாது. ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்கு வாங்கிய டப்பாவில் ஆறரை சென்டிமீட்டர் பிஸ்கட்டை எப்படி அடுக்குவது? 60 பிஸ்கட் வீணானது. மறுநாள் 14-ஆம் தேதி வேலை முடிந்த பிறகு அதே மூன்று ட்ரேயைத் திரும்பச் சுட வேண்டியிருந்தது. சுட்டதை உடனே அடைக்கவும் முடியாது. வெதுவெதுப்போடு அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி இரண்டு நாளில் பிஸ்கட் நமத்துவிடும். கம்பி ரேக்கில் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். அதனால் பேக்கிங் தொடங்கியது இரவு 11 மணிக்கு. முகவரிச் சீட்டு எழுதியது அதற்கும் பிறகு, தூக்கக் கலக்கத்தில், கையில் கிடைத்த ஜெல் பேனாவால்.

பார்சல் கட்டும் முறை

பிஸ்கட்டை உணவுக்கான பிளாஸ்டிக் பையில் சீல் வைத்து, அதை டப்பாவில் வைத்து, டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். டப்பாவுக்கும் பெட்டிக்கும் இடையில் நான்கு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, கசக்கிய காகிதத்தை இறுக்கமாக அடையுங்கள். மூடிய பிறகு காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சத்தம் வந்தால் இன்னும் காகிதம் வேண்டும். முதல் பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை கீழே போட்டுத் திறந்து பாருங்கள். உங்கள் பேக்கிங்கின் தரம் அங்கேயே தெரிந்துவிடும்.

டப்பாவின் மேல் சரக்கின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, நிகர எடை, செய்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், சைவப் பச்சைக் குறி, உங்கள் முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எல்லாம் இருக்க வேண்டும். கோதுமையும் பாலும் சேர்ந்திருப்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பதிவு எண் இல்லாமல் விற்கத் தொடங்காதீர்கள், சிறு உற்பத்தியாளருக்கான பதிவை foscos.fssai.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம்.

முகவரிச் சீட்டை அச்சடிப்பது நல்லது. கையால் எழுதினால் பால்பாயிண்ட் பேனா, பெரிய எழுத்து. மாவட்டத்துக்குத் தனி வரி, பின்கோட்டுக்குத் தனி வரி. எழுதிய பிறகு சீட்டு முழுவதையும் மூடும்படி அகல டேப் ஒட்டுங்கள். இது அழகுக்காகச் சொல்வதில்லை. ஐப்பசியில் மழை வரும். 2025-ல் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 16-லேயே தொடங்கிவிட்டது. நனைந்த கையில் ஜெல் மை கலைந்துவிடும், 8 எது 6 எது என்று தெரியாது. அதே முகவரியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளும் போடுங்கள்.

கவுண்டரில் இரண்டு நிமிடம்

15 புதன் மதியம் தூறலில் 22 பார்சலை ஸ்கூட்டரில் கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அதில் ஒன்று ஈரோடு மாவட்ட அம்மாபேட்டைக்கு, மூன்று டப்பா. சீட்டில் மாவட்டம் எழுதவில்லை, பின்கோடு நனைந்து கலைந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் ஊர்ப்பெயரை அடித்தார், கணினி காட்டிய பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டார். அது சேலம். கேட்டிருக்க வேண்டியது அவர்தான், தவறு அவருடையதுதான். ஆனாலும் தடுக்கும் வாய்ப்பு இந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தது. ரசீதில் சேரும் ஊர் என்ற கட்டத்தில் 'சேலம்' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 22 ரசீதையும் படிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அதனால் கவுண்டரை விட்டு நகரும் முன் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு ரசீதையும் நோட்டோடு வைத்து, சேரும் ஊரையும் பின்கோட்டையும் மட்டும் ஒத்துப் பாருங்கள். 22 ரசீதுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ரசீது எண்ணை அந்த ஆர்டரின் வரியிலேயே எழுதுங்கள். பெட்டிகளைக் கொடுக்கும் முன்பே ஒவ்வொன்றின் முகவரிப் பக்கத்தையும் போனில் படம் எடுத்திருக்க வேண்டும். பின்னால் கூரியரோடு பேச அந்தப் படம்தான் உங்களுக்குச் சாட்சி. வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால், "ஒரு நிமிசம் இருங்கண்ணா, ஊரு மட்டும் பார்த்துக்கறனுங்க" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் மாலை எல்லா எண்ணையும் கூரியர் தளத்தில் அடித்துப் பாருங்கள். ஈரோடு மாவட்டப் பார்சல் சேலத்தில் நிற்கிறது என்று பார்த்ததும் பதறவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். சில கூரியர்கள் பெரிய மையத்துக்குக் கொண்டுபோய்த்தான் பிரிப்பார்கள். 'பட்டுவாடாவுக்குப் புறப்பட்டது' என்று வேறு ஊர்க் கிளையின் பெயரோடு வந்தால்தான் அது வழி தவறியது.

தவறு தெரிந்த பிறகு

இந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தது 17 வெள்ளி மதியம், வாடிக்கையாளர் கூப்பிட்டபோது.

"ஏனுங்க, சேலத்துல இருந்து ஒரு பையன் போன் பண்ணி வீடு எங்கேன்னு கேக்கறானுங்க. நாங்க பவானிப் பக்கமுங்க."

"மன்னிச்சுக்கோங்க அக்கா, பார்சல் ஊரு மாறிப் போச்சுங்க. அரை மணி நேரத்துல நானே கூப்பிட்டு என்ன பண்றதுன்னு சொல்றனுங்க."

இந்தப் பதிலில் இரண்டு விஷயம் சரியாக இருக்கிறது. கூரியர்மேல் பழியைப் போட்டு நேரத்தைக் கடத்தவில்லை. எப்போது திரும்பக் கூப்பிடுவோம் என்று நேரம் சொல்லியாகிவிட்டது.

அடுத்து, பதிவு செய்த கிளைக்கே போன் செய்யுங்கள். பொது உதவி எண்ணில் பண்டிகை வாரத்தில் ஆள் கிடைப்பது கடினம். ரசீது எண்ணைச் சொல்லி, பார்சல் இப்போது எந்தக் கிளையில் இருக்கிறது, திருப்பிவிட்டால் எந்த நாள் போய்ச் சேரும் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இங்கே வந்த பதில், சனிக்கிழமை சேலத்திலிருந்து கிளம்பும், செவ்வாய்தான் கிடைக்கும் என்பது. செவ்வாய் என்றால் 21, தீபாவளி முடிந்துவிட்டது. ஆகவே அந்தப் பார்சலை நம்பி நிற்கக்கூடாது. கோபிக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, உபரி நான்கு டப்பாவிலிருந்து மூன்றை எடுக்க வேண்டியதுதான். உபரி வைக்கச் சொன்னது இந்த ஒரு நாளுக்காக.

வெள்ளி மாலை இன்னொரு கூரியரில் போட்டாலும் சனிக்கிழமைக் குவியலில் மாட்டும். கொங்குப் பக்கம் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, பேருந்தில் கொடுத்து அனுப்புவது. கோபியிலிருந்து அந்தியூருக்குப் பேருந்து உண்டு, அம்மாபேட்டைக்காரர்களுக்கு அந்தியூர் பக்கம்தான். பார்சல் எடுத்துக்கொள்ளும் பேருந்தா என்று நடத்துநரிடம் கேட்டு, கட்டணத்தைக் கொடுத்து, பெட்டியின் மேல் வாங்குபவரின் பெயரையும் போன் எண்ணையும் பெரிதாக எழுதுங்கள். பேருந்தின் பெயர், பதிவு எண், கிளம்பிய நேரம் மூன்றையும் வாடிக்கையாளருக்கு உடனே அனுப்புங்கள். நடத்துநரின் போன் எண்ணையும் கேட்டு வாங்கி அனுப்பினால் இன்னும் நல்லது. பேருந்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். வெள்ளி மாலை கொடுத்த பெட்டியை அந்தியூர் பேருந்து நிலையத்தில் வாடிக்கையாளரின் மகன் வாங்கிக்கொண்டார். பேருந்துக் கட்டணம் பேக்கருடையது, அதை வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாது.

கூரியரிடம் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். முகவரிப் படமும் ரசீதும் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம் நிற்கும். இங்கே சீட்டில் மாவட்டம் இல்லை, பின்கோடு படிக்க முடியவில்லை, அதனால் கிளை மேலாளர் திருப்பி அனுப்பும் செலவை மட்டும் விட்டுக்கொடுத்தார். சரக்கின் விலையை முழுதாகக் கூரியர் தருவது அரிது. எவ்வளவுக்குப் பொறுப்பு என்பது பெரும்பாலும் ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும், பண்டிகைக்கு முன்பே ஒரு ரசீதைப் படித்து வையுங்கள்.

சேலம் போன மூன்று டப்பாவும் அடுத்த வியாழன் திரும்பி வந்தன. அதை மறுபடி யாருக்கும் விற்காதீர்கள், எங்கே எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் வீசிவிடும் முன் மேசையில் கொட்டி எண்ணிப் பாருங்கள். 42 பிஸ்கட்டில் எத்தனை உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் உடைந்திருந்தால் அந்த ஓரத்தில் காகிதம் போதவில்லை. எல்லாவற்றிலும் தூள் உதிர்ந்திருந்தால் டப்பாவுக்குள்ளேயே பிஸ்கட் ஆடியிருக்கிறது, வரிசைக்கும் மூடிக்கும் இடையில் ஒரு பட்டர் பேப்பரை மடித்து வைக்க வேண்டும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுப்பு இருந்தால் உங்கள் சீல் நன்றாக இருக்கிறது. நமத்திருந்தால் கார்த்திகை ஆர்டர் எடுக்கும் முன் சீலிங் மெஷினின் சூட்டைச் சற்று கூட்டி, சீல் வைத்த ஒரு வெற்றுப் பையைத் தண்ணீருக்குள் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.